ஸ்டீல் பீரோ பூட்டினேன், ரெண்டு கதவும் ஏறி இறங்கி நிக்குது. எங்கே தப்பு?

மாடிவீடு:
பிரிச்சு அட்டைப்பெட்டியில வர்ற பீரோ. 78 அங்குலம் உயரம், 36 அகலம், 19 ஆழம். முதுகுத் தகடு ஒரே தகடா இல்லாம ரெண்டு பாதியா வந்து நடுவுல சேருது. மேலே இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு போல்ட்டா முழுசா இறுக்கிக்கிட்டே கீழே வந்தேன். கடைசி ரெண்டு ஓட்டை நேரா வரலை. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பித்தான் போல்ட்டை உள்ளே விட முடிஞ்சது.

இப்போ ரெண்டு கதவையும் சாத்தினா, நடுவுல சேர்ற இடத்துல இடது கதவு 5 மி.மீ. கீழே நிக்குது. கைப்பிடியைத் திருப்பினா மேல் கம்பி ஓட்டைக்குள்ள போகாம தகட்டுல இடிக்குது. கீலைத் தட்டிச் சரி பண்ணலாமா?

ரசமட்டம்:
தரை சரியில்லை, வேற ஒண்ணுமில்லை. பக்கத் தகட்டுல மட்டம் வெச்சுப் பாருங்க, குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் காலுக்கு அடியில ஏதாவது கொடுங்க. கதவு தானா சேர்ந்துடும்.

பட்டறை22கேஜ்:
கீலைத் தொடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க: ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்கிற சந்து மேலேயும் கீழேயும் ஒரே அளவா, இல்லை V மாதிரி விரியுதா? அப்புறம் பின்பக்கம் மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு அளவையும் மி.மீ.ல எழுதுங்க. ரெண்டு தடவையும் தகட்டோட வெளிமூலையிலேயே கொக்கியை மாட்டுங்க. ஒரு தடவை வெளியே, ஒரு தடவை உள்ளே பிடிச்சா அளவுக்கு அர்த்தமே இல்லை.

மாடிவீடு:
சந்து மேலேயும் கீழேயும் 4 மி.மீ. தான், விரியலை. பின்னால ஒரு பக்கம் 2186, இன்னொரு பக்கம் 2176.

சாவிக்கொத்து:
எங்க வீட்டுல பழைய பீரோவுக்கும் இதே கதைதான். வீடு மாத்தினப்புறம் சாவி திரும்ப மாட்டேங்குது. பூட்டுக்கு எண்ணெய் விட்டாப் போதுமா?

பட்டறை22கேஜ்:
@மாடிவீடு, சந்து ஒரே அளவா இருக்கு, கதவு மட்டும் ஏறி இறங்குதுன்னா கதவுலயும் கீல்லயும் பழுதில்லை. கூடே சாய்ஞ்சிருக்கு. தீப்பெட்டியோட மேலுறையை ஒரு பக்கமாத் தள்ளினா எப்படிச் சாயுமோ அப்படி. ரெண்டு பக்கத் தகடும் ஒரே திசையில சாயுது, அதுல தொங்குற கதவும் கூடவே சாயுது. அதனால ஒரு கதவோட நடுவிளிம்பு இறங்குது, மத்தது ஏறுது.

கணக்கும் ஒத்து வருது. உங்க அளவு பீரோவுல மூலைக்கு மூலை 10 மி.மீ. வித்தியாசம்னா, தலைப்பக்கம் சுமார் 12 மி.மீ. வலது பக்கமா நகர்ந்திருக்குன்னு அர்த்தம். கதவு சேர்ற இடத்துல அது ஐந்தரை மி.மீ.யாத் தெரியும். நீங்க சொன்ன 5 அதுதான்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, 6 மி.மீ. போல்ட்டுக்கு இந்த மாதிரி பீரோவுல 8 மி.மீ. ஓட்டை போட்டிருப்பாங்க. ஒவ்வொரு சேர்ப்புலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இடது ஓரம், நடு, வலது ஓரம்னு உங்களுக்கு மூணு சேர்ப்பு. கூடு சாய்ஞ்சு நிக்கும்போதே முழுசா இறுக்கினதால மூணு ஆட்டமும் ஒரே திசையில சேர்ந்துடுச்சு. கடைசி ஓட்டை நேரா வராதது அதுக்கு அறிகுறி. அங்கே நெம்பாம நிறுத்தியிருக்கணும்.

சரி பண்ற வழி: கதவு ரெண்டையும் கழற்றிடுங்க, லாக்கர் தனியா வந்தா அதையும். பீரோவைச் சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளி, நின்னபடியே வையுங்க. ஒருத்தர் உள்ளே 10 ஸ்பேனரோட நட்டைப் பிடிக்கட்டும், இன்னொருத்தர் பின்னால. முதுகு, மேல் தட்டு, அடித்தட்டு, நடுத்தட்டு எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து மட்டும் தளர்த்துங்க, கழற்ற வேண்டாம். நீளமா இருக்கிற மூலைவிட்டத்தோட மேல்மூலையைக் கையால தள்ளுங்க, எதிர்க் கீழ்மூலையை இன்னொருத்தர் காலால அணைச்சுக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பின்னால போனா இடது வலது மாறிடும். முன்னால நின்னு பார்க்கும்போது எது நீளம்னு சாக்பீஸால ரெண்டு மூலையிலயும் குறிச்சுட்டுப் போங்க. இல்லேன்னா தப்பான மூலையைத் தள்ளி 10-ஐ 20 ஆக்கிடுவீங்க.

ரெண்டு அளவும் ஒண்ணானதும், கையை விட்டா கொஞ்சம் திரும்பி வரும். அதனால ஒரு மி.மீ. கூடத் தள்ளிப் பிடிச்சு, முதுகுத் தகட்டோட நாலு மூலை போல்ட்டை மட்டும் இறுக்குங்க. திரும்ப அளந்து பாருங்க. அப்புறம் நடுச் சேர்ப்பு, அதுக்கப்புறம் மீதி. 2 மி.மீ. வித்தியாசம் வரைக்கும் விட்டுடலாம். வாஷர் இல்லாம இறுக்காதீங்க, 8 மி.மீ. ஓட்டையில போல்ட் தலை தகட்டைக் குழியாக்கிடும்.

@ரசமட்டம், நீங்க சொல்றது அடுத்த படி. முதுகே கோணலா இறுகி இருக்கும்போது காலுக்குத் தகடு கொடுத்தா, கதவை ஏமாத்தி நேராக்கலாம். துணி ஏத்தினதும் பழையபடி ஆகிடும்.

@சாவிக்கொத்து, உங்களுது வெல்டிங் பீரோவா இருந்தா தளர்த்த ஒண்ணுமே இல்லை. கைப்பிடியை விட்டுட்டு, கதவைத் திறந்து வெச்சுச் சாவி திருப்பிப் பாருங்க. அப்போ திரும்பினா பூட்டு நல்லாத்தான் இருக்கு, தரைதான் மாறியிருக்கு.

ரசமட்டம்:
முதுகு நேராகி இருந்தும் கதவு இறங்கினா?

பட்டறை22கேஜ்:
அப்போ உங்க வழிதான். முன்பக்கம் மூலைக்கு மூலை பாருங்க. முதுகு சரி, முன்பக்கம் மட்டும் வித்தியாசம்னா ஒரு முன்கால் தொங்குது. எந்தக் கதவு இறங்கியிருக்கோ அந்தப் பக்க முன்காலுக்குத் தகட்டுத் துண்டு கொடுக்கணும். அட்டை வேண்டாம், நசுங்கிடும்.

சாவிக்கொத்து:
திறந்து வெச்சா சாவி நல்லாத் திரும்புது!

மாடிவீடு:
ரெண்டு மணி நேரம் ஆச்சு. பின்னால இப்போ 2181, 2180. நெம்பின ரெண்டு போல்ட்டும் கையாலயே உள்ளே போச்சு. முன்னால இன்னும் 3 வித்தியாசம் இருந்தது, இடது முன்காலுக்கு ரெண்டு தகடு வெச்சதும் சரியாச்சு. கம்பி இடிக்காம மேலே ஏறுது.

ஆனா புதுசா ஒண்ணு. நடுச் சந்து மேலே 4, கீழே இரண்டரை.

ரசமட்டம்:
இப்பவாவது கீல்தான்! கீல் ஓட்டை நீளவாட்டா இருந்தா அடிக்கீல் போல்ட்டைத் தளர்த்தி, கதவோட கீழ்ப்பகுதியை ஒரு மி.மீ. வெளிப்பக்கமா நகர்த்துங்க.

பட்டறை22கேஜ்:
இருக்கலாம். அதுக்கு முன்னாடி வாயோட அகலத்தை மேலே, நடுவுல, கீழேன்னு மூணு இடத்துல அளங்க.

மாடிவீடு:
மேலேயும் நடுவுலயும் ஒண்ணுதான். கீழே மட்டும் ஒன்றரை மி.மீ. குறையுது.

பட்டறை22கேஜ்:
அப்போ பக்கத் தகடு கீழே உள்வாங்கியிருக்கு, கீல் இல்லை. அடித்தட்டு மடிப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷர் சொருகினா விரியும்.

ரசமட்டம்:
அதுக்காக அடித்தட்டைத் தளர்த்தினா இவ்வளவு நேரம் பிடிச்ச மூலை அளவு போயிடும். ஒன்றரை மி.மீ.க்கு நான் கீலைத்தான் நகர்த்துவேன்.

பட்டறை22கேஜ்:
முதுகு இறுகி இருக்கும்போது அடித்தட்டு போல்ட் நாலை மட்டும் தளர்த்தினா போகாது. ஆனா கீல் ஓட்டை நீளவாட்டா இருந்தா அவர் வழி சுலபம்தான். எந்த மாதிரி ஓட்டை?

மாடிவீடு:
கீல் ஓட்டை வட்டமா இருக்கு. ரெண்டு பக்கமும் வாஷர் போட்டுப் பார்க்கிறேன். துணி ஏத்தினப்புறம் திரும்ப அளந்து போடுறேன்.