புதுப்பிப்பு: கியோட்டோ சாலையில் பார்த்த சாய்சதுரம்

"கியோட்டோவில் எடுத்த படம். தார்ச்சாலையில் வெள்ளைக் கோட்டில் நீளமான சாய்சதுரம், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. என்ன அர்த்தம்?" என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

விடை கிடைத்துவிட்டது. முன்னால் பாதசாரிகள் கடக்குமிடம் வருகிறது, வேகத்தைக் குறை என்று ஓட்டுநருக்குச் சொல்லும் குறி அது. அங்கே கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் விளக்கினார்: சுமார் 50 மீட்டர் முன்னால் ஒன்று, 30 மீட்டரில் இன்னொன்று, சிக்னல் இல்லாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் மேல் ஓரத்தில் வரிக்குதிரைக் கோடு தெரிகிறது!

போன வாரப் பதிவுக்குப் பதிலாக, சாய்சதுரம் என்றால் பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான கார்பூல் தடம் என்று ஒருவர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரி. லண்டன் அக்கா படமெடுத்து அனுப்பிய, அந்த ஊர்ச் சாலையில் உள்ள நெளிகோடும் பாதசாரிகளுக்காகத்தான், ஆனால் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது.

இன்னொரு தெருவில் ஒரே ஒரு சாய்சதுரம். மற்றது தேய்ந்திருக்கும் என்கிறார் அண்ணன். பக்கத்துக் கோடுகள் பளிச்சென்று இருக்கின்றனவே?