முதல் சம்பளச் சீட்டில் 600 பவுண்டு வரி. சரிதானா?

ரெடிங் புதுசு:
வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் ரெடிங் வந்தேன். செப்டம்பர் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தேன். ஆண்டுச் சம்பளம் 36,000 பவுண்டு. பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு என் முதல் பேஸ்லிப்பை இங்கே போட்டிருக்கிறேன்:

```
Basic Pay       3000.00
PAYE Tax         600.00
NI               156.16
Pension           99.20
Net Pay         2144.64
Tax code: BR    NI: A
```

ஊரில் என் சீட்டில் பேசிக், எச்ஆர்ஏ, கன்வேயன்ஸ் என்று ஏழெட்டு வரிசை இருக்கும். இங்கே ஒரே வரிசைதான். அலவன்ஸ் எதையும் காணோம். கேட்காமல் விட்டுவிட்டேனா? அப்புறம், விசா எடுக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்று ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டியாயிற்று. மறுபடியும் எதற்கு என்ஐ என்கிற நேஷனல் இன்சூரன்ஸ் பிடிக்கிறார்கள்?

டெபுடேஷன் அண்ணன்:
தம்பி, என்ஐ பிடித்தது தப்பு. நான் மூன்று வருடம் முன்னால் வந்தபோது முதல் வருடம் ஒரு பைசா பிடிக்கவில்லை. உங்கள் பேரோல்காரர்களுக்கு விதி தெரியவில்லை போல. உடனே மெயில் போடுங்கள்.

பேரோல் அக்கா:
மெயில் போடத்தான் வேண்டும், ஆனால் என்ஐக்காக இல்லை. டெபுடேஷன் அண்ணன் சொல்வது அவர் விஷயத்தில் உண்மை. இந்தியாவில் இருக்கும் கம்பெனி தன் ஆளைக் கொஞ்ச காலத்துக்கு இங்கே அனுப்பினால், அவர் வந்தபோதிருந்த விதிப்படி முதல் 52 வாரம் என்ஐ கிடையாது. தம்பியை இங்கத்திய கம்பெனியே நேரடியாக எடுத்திருக்கிறது, அதனால் முதல் நாளிலிருந்தே உண்டு. மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் வாங்குகிற தொகைக்கு 8 சதவீதம். 3,000-இல் 1,048 போனால் 1,952. அதில் 8 சதவீதம் 156.16. பைசா சுத்தமாகச் சரி.

சர்சார்ஜுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அது விசாவுக்கு உண்டான மருத்துவக் கட்டணம். என்ஐ இங்கே அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்கான கணக்கில் சேரும். பத்து வருடப் பதிவாவது இருந்தால்தான் அந்த ஓய்வூதியத்தில் ஏதாவது கிடைக்கும் என்பது வேறு கதை.

இப்போது அலவன்ஸ். அந்தச் சொல்லுக்கு இங்கே பெரும்பாலும் வேறு அர்த்தம். ஊரில் அது சம்பளத்தின் ஒரு துண்டு, கையில் வருகிற பணம். இங்கே பர்சனல் அலவன்ஸ் என்றால் வரி போடாமல் விட்டுவைக்கிற தொகை, ஆண்டுக்கு 12,570 பவுண்டு. அது வருமான வரிசையில் எங்கேயும் வராது. டாக்ஸ் கோடுக்குள் ஒளிந்திருக்கும். 1257L என்று இருந்தால் உங்களுக்கு அது கிடைக்கிறது என்று பொருள். உங்கள் சீட்டில் இருப்பது BR. முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம், விலக்கு பூஜ்யம். 3,000-இல் 20 சதவீதம் 600. ஆக நீங்கள் தேடுகிற அலவன்ஸ் நிஜமாகவே காணாமல்தான் போயிருக்கிறது, ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் இல்லை!

ஒரு கேள்வி. சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். அதில் வேறு வேலை இருக்கிறதா என்ற இடத்தில் என்ன போட்டீர்கள்?

ரெடிங் புதுசு:
ஆமாம் என்று போட்டேன் அக்கா. ஆகஸ்ட் 20 வரை சென்னையில் வேலை பார்த்தேனே, அதைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். மறைக்கக் கூடாதே என்றுதான்.

பேரோல் அக்கா:
நேர்மைக்கு விழுந்த அடி. "இப்போது, இந்த வேலையோடு சேர்த்து இன்னொரு வேலையும் இருக்கிறதா" என்பதுதான் அந்தக் கேள்வி. விட்டுவந்த வேலையைக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் படிவம் உங்களை C என்ற வாக்கியத்துக்குக் கொண்டுபோகும். C என்றால் சாப்ட்வேர் யோசிக்காமல் BR போடும். விலக்கை அந்த இன்னொரு வேலை ஏற்கெனவே எடுத்துக்கொள்கிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. வருடத்துக்கு நாலைந்து பேரிடமாவது இதே தவறைப் பார்க்கிறேன், பாதிப் பேர் நம் ஆட்கள்.

மில்டன் கீன்ஸ்:
அவர் A போட்டிருக்க வேண்டும், ஏப்ரல் 6-க்குப் பிறகு முதல் வேலை என்று.

டெபுடேஷன் அண்ணன்:
ஏப்ரலில் சென்னையில் வேலை இருந்ததே, அப்போது எப்படி முதல் வேலை? முன்பு வேறு வேலை இருந்தது, இப்போது இது ஒன்றுதான் என்கிற B தான் சரி.

மில்டன் கீன்ஸ்:
இந்த நாட்டில் முதல் வேலைதானே. என் கம்பெனியில் A போடச் சொன்னார்கள், பிரச்சினை வரவில்லை.

பேரோல் அக்கா:
இந்தச் சண்டை எங்கள் ஆபீஸிலும் உண்டு, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். அதைவிட எதைப் போட்டால் பணம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

இங்கே வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. விலக்கு மாதத்துக்குச் சுமார் 1,047 பவுண்டு வீதம் சேர்ந்துகொண்டே வரும். A போட்டால் வெறும் 1257L கிடைக்கும். அது ஏப்ரலிலிருந்து கணக்குப் பார்க்கும் கோடு. செப்டம்பர் சம்பளம் வரும்போது ஆறு மாத விலக்கு, 6,285 பவுண்டு, யாரும் தொடாமல் கிடக்கிறது. உங்கள் சம்பளம் 3,000. வரி பூஜ்யம். அக்டோபரில் மொத்தச் சம்பளம் 6,000, விலக்கு ஏழாயிரத்துச் சொச்சம். அப்போதும் பூஜ்யம். நவம்பரில் சம்பளம் 9,000 ஆகி விலக்கைத் தாண்டும், 124 பவுண்டு பிடிப்பார்கள். டிசம்பரிலிருந்து மாதா மாதம் 390. (முதல் இரண்டு மாதம் வரியில்லாமல் வாங்கிவிட்டு, டிசம்பரில் "திடீரென்று சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று எனக்கு போன் செய்பவர்கள் தனிக் கூட்டம்.)

B போட்டால் 1257L M1. அந்த M1-தான் எமர்ஜென்சி கோடு. அது பின்னால் திரும்பிப் பார்க்காது. ஒவ்வொரு மாதமும் அந்த மாத விலக்கை மட்டும் கொடுத்து 390 பிடிக்கும். மார்ச் வரை ஏழு சம்பளத்தில் சுமார் 2,730 போகும். உங்களுக்கு உண்மையில் வரவேண்டிய வரி 1,686 தான், 21,000-இல் 12,570 கழித்து மிச்சத்துக்கு 20 சதவீதம். BR-லேயே மார்ச் வரை ஓடினால் 4,200.

எதுவும் தொலைந்துபோகாது. அதிகம் பிடித்தது திரும்ப வரும். ஆனால் வருடம் முடிந்து இங்கத்திய வரித்துறையான எச்எம்ஆர்சி கணக்குப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். வாடகை டெபாசிட் கட்டுகிற நேரத்தில் 600 பவுண்டு சின்னத் தொகை இல்லை. என்ஐ மட்டும் அந்தந்த மாதத்தோடு முடிந்துபோகிற கணக்கு, நடுவில் வந்தேன் என்பதற்காக அதில் எதுவும் திரும்பாது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பேரோலுக்கு எழுதி, செக்லிஸ்டில் தவறாகச் சொல்லிவிட்டேன், இப்போது வேறு வேலை இல்லை என்று சொல்லுங்கள். அடுத்து எச்எம்ஆர்சி இணையக் கணக்கில் இந்த வருட வேலை விவரத்தைப் பாருங்கள். எப்போது சேர்ந்தீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று அங்கேயே சொல்லலாம். அவர்கள் புதுக் கோடை நேராகக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். நீங்களாகப் பேரோலிடம் "1257L போடுங்கள்" என்றால் அவர்களால் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

பென்ஷன் நண்பர்:
வரியை விடுங்கள், பென்ஷனைப் பார்த்தீர்களா? ஊழியர் பங்கு 5 சதவீதம். 3,000-இல் 5 சதவீதம் 150. பிடித்தது 99.20. கம்பெனி உங்கள் பென்ஷனில் கை வைக்கிறது.

பேரோல் அக்கா:
5 சதவீதம் என்பது சரி, 3,000-க்கு என்பதுதான் சரியில்லை. குறைந்தபட்சத் திட்டத்தில் மாதம் முதல் 520 பவுண்டை விட்டுவிட்டுத்தான் கணக்கு. மிச்சம் 2,480-இல் 5 சதவீதம் 124. அதில் 99.20-ஐத் தம்பி சம்பளத்திலிருந்து எடுக்கிறார்கள். மீதி 24.80-ஐ வரிச் சலுகையாக அரசு பென்ஷன் கம்பெனிக்குக் கட்டுகிறது. கம்பெனி தன் பங்காக 74.40 போட வேண்டும். பென்ஷன் கணக்கைத் திறந்தால் அந்த மாதத்துக்கு மொத்தம் 198.40 சேர்ந்திருக்க வேண்டும். அரசு பங்கு கொஞ்சம் தாமதமாக வரும், கம்பெனி பங்கு வராவிட்டால்தான் கேட்க வேண்டும்.

லெஸ்டர் நர்ஸ்:
அலவன்ஸ் இல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள். எனக்கு இரவு, ஞாயிறு ஷிப்டுக்குத் தனி வரிசையில் பணம் வருகிறது. இடம்மாறி வந்ததற்கு 1,500 பவுண்டு கொடுத்தார்கள், அதிலும் வரி பிடித்துவிட்டார்கள். இடமாற்றச் செலவுக்கு 8,000 வரை வரி இல்லை என்கிறார்களே?

பேரோல் அக்கா:
ஷிப்ட் பணம் உண்டுதான் சிஸ்டர், அது முழுக்க வரிக்கு உட்பட்ட சம்பளம். ஊர் எச்ஆர்ஏ மாதிரி ஒரு பகுதிக்கு விலக்கு என்ற பேச்சே கிடையாது. 8,000 விலக்கு, தகுதியான செலவுகளை ரசீது பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது. மொத்தமாக "வைத்துக்கொள்" என்று கொடுத்தால் சம்பளம் மாதிரிதான் வரி. உங்கள் ஆபர் லெட்டரில் எப்படி எழுதியிருக்கிறது?

லெஸ்டர் நர்ஸ்:
"ரீலொகேஷன் அலவன்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. டிக்கெட், சாமான் அனுப்பியது எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். மேனேஜர் ரசீதை வாங்கக்கூட இல்லை.

பேரோல் அக்கா:
அப்படியென்றால் கஷ்டம்தான். ரசீதோடு பேரோலுக்கே எழுதிப் பாருங்கள். முடியாது என்றும் சொல்லலாம்.

ரெடிங் புதுசு:
அக்கா, நன்றி. எச்ஆரிடம் பேசினேன், திருத்திய படிவம் வாங்கிக்கொண்டார்கள். போன வாரம்தான் என்ஐ எண் கடிதம் வந்தது, இணையக் கணக்கும் திறந்துவிட்டேன். உள்ளே "வேலை 2" என்று எதுவும் இல்லை, இந்தக் கம்பெனி மட்டும்தான். அக்டோபர் சீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பேரோல் அக்கா:
கோடு இடத்தில் M1 ஒட்டாமல் வெறும் 1257L. வரி வரிசையில் மைனஸ் 600. செப்டம்பர் பணமும் அதிலேயே திரும்பிவிடும், ஆக கையில் 3,344.64. பேரோல் ஓடி முடிந்த பிறகு கோடு வந்தால் நவம்பருக்குத் தள்ளிப்போகும், பதறாதீர்கள். சம்பளத்தோடுதான் வரும், "உங்கள் டாக்ஸ் ரீஃபண்ட் தயார், லிங்கைத் தட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தால் அழித்துவிடுங்கள்.

மில்டன் கீன்ஸ்:
ஒரு சந்தேகம். மூன்று வருடத்தில் ஊர் திரும்புபவருக்கு இந்தப் பென்ஷன் எதற்கு? நான் விலகிவிட்டேன்.

பென்ஷன் நண்பர்:
கம்பெனி கொடுக்கிற 74 பவுண்டை வேண்டாம் என்கிறீர்கள், அவ்வளவுதான்.

மில்டன் கீன்ஸ்:
2028-இலிருந்து 57 வயதுவரை தொட முடியாத பணம். எனக்கு இப்போது 29.

ரெடிங் புதுசு:
நானும் யோசிக்கிறேன். விலக எவ்வளவு நாள் இருக்கிறது?

பேரோல் அக்கா:
பென்ஷனில் சேர்த்ததாக வந்த கடிதத்திலிருந்து ஒரு மாதம். அதற்குள் விலகினால் பிடித்தது திரும்பும், பிறகு விலகினால் போட்டது உள்ளேயே இருக்கும். கடிதத்தில் என்ன தேதி?

ரெடிங் புதுசு:
செப்டம்பர் 12. இன்று அக்டோபர் 8.