ஜி.பி.எஸ். இல்லாமல் கணக்குப் போட்டால் இடம் தெற்கே தள்ளிப்போகிறது

வணக்கம். நாகப்பட்டினத்திலிருந்து பைபர் படகில் போகிறேன், படகின் நீளம் 9 மீட்டர். ஜி.பி.எஸ். நின்றுபோனாலும் கரை சேர வேண்டும் என்பதற்காக வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்து இடம் கணிக்கப் பழகுகிறேன். நவம்பரில் வாடைக் காற்று தொடங்கியதிலிருந்து கணக்கு ஒத்துவரவில்லை.

நேர் கிழக்கே 6 நாட் வேகத்தில் 3 மணி நேரம் போனால் 18 கடல் மைல். நீரோட்டம் தெற்கே 1 நாட் என்று 3 மைல் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் ஜி.பி.எஸ்.ஸில் பார்த்தால் 5 மைல் தெற்கே இருக்கிறேன். அந்த 2 மைல் எங்கிருந்து வருகிறது?

முன்னணியத்தில் மரத்துண்டு போட்டு, அது பின்னணியம் தாண்டும் நேரத்தை எடுத்தேன். 3 விநாடி, வேகம் சரி. காம்பஸையும் சந்தேகித்தேன். அது தவறென்றால் திரும்பி மேற்கே வரும்போது பிழை பெரும்பாலும் வடக்கே மாறியிருக்கும். வரும்போதும் தெற்கேதான் தள்ளுகிறது. இங்கே காந்த வடக்கின் விலகல் 2 டிகிரிக்கும் குறைவு, அதுவும் போகும்போது வடக்குப் பக்கமே இழுக்கும்.

1 நாட் என்பது கரையோரம் நங்கூரம் போட்டு, மிதவை விட்டு அளந்தது. ஆழத்தில் அது முடியவில்லை. அங்கே நீரோட்டம் கூடுதலா, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நங்கூரம் எட்டாத ஆழத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாக எப்படி அளக்கிறீர்கள்?