நெல் காயும் ரோட்டில் 60-ல் வந்தால் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோரையாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

தை கடைசியில் நடந்தது. இரவு எட்டரை மணி, ஆற்றங்கரை ரோடு, தெருவிளக்கு கிடையாது. ஸ்பீடோமீட்டரில் 60 காட்டியது. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டு, சாயங்காலம் குவித்துக் கறுப்புப் படுதாவால் மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். நான் குவியலைப் பார்த்ததும் பிரேக் பிடித்தேன். பிடித்த இடத்திலேயே சிந்திய நெல் கிடந்தது. வண்டி வழுக்கி, நானும் வண்டியும் குவியலிலேயே போய்ச் சேர்ந்தோம். முழங்கை தோல் போனதோடு தப்பித்தேன். நெல் போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அவருக்குக் களமும் கிடையாது.

ஆனால் ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. நான் பார்த்தபோது நிற்க இடம் இருந்ததா, இல்லையா?

அடுத்த வாரம் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, லைட்டைத் தாழ்வாக வைத்து, என் மகனைக் கறுப்புப் படுதாவோடு முன்னால் நடக்கவிட்டேன். அவன் என் கண்ணுக்கு மறைந்த இடத்தில் செங்கல் வைத்து டேப் பிடித்தோம். 28 மீட்டர்.

இப்போது 60-ஐ மீட்டராக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 60,000 மீட்டர், ஒரு மணிக்கு 3,600 நொடி. வகுத்தால் நொடிக்கு 16.7 மீட்டர். கண் பார்த்து, கை கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தேன். அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கும்போது இருந்த இடம் 3 மீட்டர்தான். கிலோமீட்டரில் இருந்தவரை 60 என்பது எனக்கு மெதுவான வேகம். நொடிக்கு 16.7 மீட்டர் என்று எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை எப்படிப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை_டிரைவர்

அண்ணா, உங்களுக்கு ஒன்றும் ஆகாதது நல்லது. நான் வேன் ஓட்டுகிறேன். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் பிரேக் தூரம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். 60 × 60 = 3600. எட்டால் வகுத்தால் 450. அதை மீட்டராக்க 3.6-ஆல் வகுத்தேன், 125 மீட்டர் வந்தது. உங்கள் 25-ஐயும் சேர்த்தால் 150. அந்த ரோட்டில் யாராலும் நிற்க முடியாது.

பாபநாசம்_ஷோபா

150 மீட்டரா? எங்கள் தெருவில் தினமும் பஸ் 60-ல் வந்து நிறுத்தத்தில் நிற்கிறதே. எங்கேயோ இடிக்கிறது.

பாலிடெக்னிக்_சிவில்

ஷோபா அக்கா சரியாகப் பிடித்தீர்கள். தம்பி, சூத்திரம் சரி, மாற்றிய இடம்தான் தப்பு. நானே வருஷா வருஷம் மாணவர்கள் பேப்பரில் இதைப் பார்க்கிறேன்.

8-ஆல் வகுக்கும் அந்தக் கணக்கு, வேகம் நொடிக்கு மீட்டரில் இருந்தால் மட்டுமே ஓடும். எட்டு எங்கிருந்து வந்தது? நல்ல காய்ந்த தார் ரோட்டில் நிதானமாகப் பிரேக் பிடித்தால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் சுமார் 4 மீட்டர் குறையும் என்று வைத்து, அதன் இரண்டு மடங்கு. அந்த 4-க்குள்ளேயே மீட்டரும் நொடியும் உட்கார்ந்திருக்கின்றன. கிலோமீட்டரை உள்ளே விட்டால் கணக்கு கெட்டுவிடும்.

நீங்கள் முதலில் பெருக்கி, பிறகு ஒருமுறை 3.6-ஆல் வகுத்தீர்கள். வேகத்தை இரண்டு முறை பெருக்கியதால் 3.6-ஆலும் இரண்டு முறை வகுத்திருக்க வேண்டும். 450-ஐ 12.96-ஆல் வகுத்துப் பாருங்கள், 34.7 வரும். ஆனால் இப்படிப் போடவே வேண்டாம். கோரையாற்றங்கரை அண்ணன் செய்தது மாதிரி முதலில் 60-ஐ 16.7 ஆக்குங்கள். அப்புறம் 16.7 × 16.7 என்பது 279, எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 35. முதலில் மாற்று, பிறகு பெருக்கு. இந்த வரிசையை விடாமல் இருந்தால் போதும்.

ஆக அண்ணனுக்கு வேண்டியது 25-ம் 35-ம் சேர்ந்து 60 மீட்டர். இருந்தது 28. நெல் சிந்தாமல் இருந்திருந்தாலும் குவியலில் மோதியிருப்பார்.

ஒன்றரை நொடி என்பது கவனமாக இருக்கும் ஆளுக்கு. சாலை வடிவமைப்பில் இந்திய சாலைக் காங்கிரஸ் இரண்டரை நொடி எடுக்கிறது. அதனால்தான் 60-க்கு அவர்கள் வைக்கும் பார்வைத் தூரம் 80 மீட்டர்.

குடந்தை_டிரைவர்

நன்றி சார். அப்போ 30-ல் போனால் பாதி, 30 மீட்டரில் நின்றுவிடலாம். சரிதானே?

பாலிடெக்னிக்_சிவில்

அதைவிட நல்ல செய்தி தம்பி. 30 என்பது நொடிக்கு 8.3 மீட்டர். ஒன்றரை நொடியில் போகும் தூரம் பாதியாகி 12.5. பிரேக் தூரமோ கால் பங்காகிறது, சுமார் 8.7. மொத்தம் 21 மீட்டர்.

அண்ணனின் 28 மீட்டருக்கு எந்த வேகம் என்று பின்னாலிருந்தும் போடலாம். 36 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சரியாகப் பத்து மீட்டர். 15-ம் 12.5-ம் 27.5. அந்த லைட்டுக்கு, அந்த ரோட்டுக்கு, தரை சுத்தமாக இருந்தால், 36 தான் எல்லை.

வடுவூர்_பி.டி.

நானும் இதே மாற்றலில் மாட்டிக்கொண்டேன், ஆனால் ரோட்டில் இல்லை, மைதானத்தில். நான் உடற்கல்வி ஆசிரியர். போன ஆடியில் எங்கள் பையன் ஒருவன் நூறு மீட்டரை 12.5 நொடியில் முடித்தான். நொடிக்கு 8 மீட்டர், மணிக்கு 28.8 கிலோமீட்டர். அவனுக்கு அதுவரை இல்லாத நேரம், குதித்துக் கொண்டாடினான். அப்போது ஒரு பெற்றோர் போனைக் காட்டி, "காற்று 6 இருக்கு சார், 2-க்கு மேல போனா செல்லாதுன்னு விதி இருக்கு" என்றார். பையன் முகம் வாடிப்போனது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

விதி உண்மைதான். பின்னாலிருந்து வீசும் காற்று 2.0-க்கு மேல் இருந்தால் நூறு மீட்டர் நேரத்தைச் சாதனையாக எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 2.0 நொடிக்கு மீட்டர். போனில் இருந்த 6 மணிக்குக் கிலோமீட்டர். 6-ஐ 3.6-ஆல் வகுத்தால் 1.67. விதிக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்த்தான் கணக்குப் போட்டேன். மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் முதல் வேலையாகப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

இதைச் சரியாகத்தானே செய்தேன்?

பாலிடெக்னிக்_சிவில்

மாற்றல் சரி சார். 2.0 என்பது மணிக்கு 7.2 கிலோமீட்டர், அதற்கு 6 குறைவு. ஆனால் போனின் 6-ஐ வைத்துச் செல்லும் என்றும் சொல்ல முடியாது. வானிலைக் கணக்கில் காற்றைப் பத்து மீட்டர் உயரத்துக்குச் சொல்வார்கள், அதுவும் உங்கள் மைதானத்துக்கு என்று இல்லை. ஓட்டத்துக்கான காற்றுமானியை 1.22 மீட்டர் உயரத்தில், ஓடுபாதை ஓரமாக வைத்து, நூறு மீட்டருக்குப் பத்து நொடி அளப்பார்கள். ஓடும் திசையில் வீசும் பகுதியை மட்டும் எடுப்பார்கள். குறுக்கே அடிக்கும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் அதில் பெரிதாக வராது.

வடுவூர்_பி.டி.

எங்கள் ஓடுபாதை வடக்கு தெற்காக இருக்கிறது. ஆடியில் மேல்காற்று. அப்படியென்றால் அன்று பையனுக்குக் காற்று உதவவே இல்லையோ? காற்றுமானி எங்களிடம் கிடையாது, இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவன் நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் "காற்று அளக்கவில்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

பாபநாசம்_ஷோபா

எனக்கு 3.6-ஆல் வகுப்பது மனசுக்குள் வராது. பள்ளியில் ஐந்தால் பெருக்கிப் பதினெட்டால் வகு என்றுதான் படித்தேன். ஸ்கூட்டி ஓட்டும்போது அதையும் செய்ய முடியாது. என் வழி, வேகத்தில் கால் பங்கு எடுத்து அதோடு கொஞ்சம் சேர்ப்பது. 40-ல் கால் பங்கு 10, கொஞ்சம் சேர்த்து 11. 60-ல் கால் பங்கு 15, கொஞ்சம் சேர்த்து 16, 17. சரியா வருதா சார்?

பாலிடெக்னிக்_சிவில்

அருமையாக வருகிறது அக்கா. அந்தக் "கொஞ்சம்" கால் பங்கின் ஒன்பதில் ஒரு பங்காக இருந்தால் துல்லியமாகவே வரும். பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலும் நூற்றுக்கு ஒன்றுதான் குறையும். ஐந்தையும் பதினெட்டையும் இடம் மாற்றிப் போடுகிறவர்களுக்கும் இதுவே காவல். நொடிக்கு மீட்டர் எப்போதும் கிலோமீட்டர் எண்ணில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 60-க்கு 216 வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

குடந்தை_டிரைவர்

இன்னொன்று. என் வேனில் மீட்டர் 60 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 56 என்கிறது. கோரையாற்றங்கரை அண்ணன் உண்மையில் 60-ல் வந்திருக்க மாட்டார். அப்போ கணக்கு மாறும்தானே?

கோரையாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

தம்பி சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். 56 என்றால் 15.6 மீட்டர். ஒன்றரை நொடிக்கு 23, பிரேக்குக்கு 30, மொத்தம் 53. அப்போதும் 28-க்குள் வரவில்லை.

சார், நெல்மேல் பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய எங்கள் களத்து சிமெண்ட் தரையில் நெல்லை மெல்லியதாகப் பரப்பி, ஹெல்மெட் போட்டு, 18-ல் வந்து பின் பிரேக் மட்டும் பிடித்தேன். 18 என்பது நொடிக்கு 5 மீட்டர். உங்கள் கணக்குப்படி சுத்தமான தரையில் 3 மீட்டரில் நிற்க வேண்டும். 6 மீட்டர் இழுத்தது, மூன்று தடவையும் ஏறக்குறைய அதே. அப்படியென்றால் எட்டுக்குப் பதிலாக நாலால்தான் வகுக்க வேண்டும். 28 மீட்டருக்கு நொடிக்கு 8 மீட்டர் வருகிறது. 12-ம் 16-ம் 28. மணிக்கு 29 கிலோமீட்டர்கூட இல்லை.

பாலிடெக்னிக்_சிவில்

அண்ணா, தயவுசெய்து திரும்பச் செய்யாதீர்கள், முன் பிரேக் பிடித்திருந்தால் கீழே விழுந்திருப்பீர்கள். கணக்கில் ஒரு சந்தேகம் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் சுத்தமான ரோட்டிலேயே பாதி பலம்தான் கிடைக்கும். உங்கள் 6 மீட்டரில் நெல் எவ்வளவு, முன் பிரேக் இல்லாதது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நெல் இல்லாத தரையிலும் அதே 18-ல், அதே பின் பிரேக்கோடு, எத்தனை மீட்டர் என்று தெரிந்தால்தான் ஒப்பிடலாம்.

கோரையாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

அதை நாளைக் காலை பனி காய்ந்ததும் பார்க்கிறேன் சார், வெறும் தரையில் மட்டும். இதற்குள் ஒரு வேலை முடிந்தது. குவியல் போட்டவரிடம் 60 மீட்டர் கணக்கைச் சொன்னேன். டேப்பை என்னிடம் வாங்கிக்கொண்டு, குவியலிலிருந்து இரண்டு பக்கமும் 60 மீட்டரில் கழி நட்டு, வெள்ளை உரச்சாக்கைக் கட்டியிருக்கிறார். நேற்று இரவு வண்டியில் வந்தேன். சாக்கு தூரத்திலேயே தெரிந்தது.