புதுப்பிப்பு: மினிமம் பேலன்ஸ் அபராதம், 300 வந்தது, 54 வரவில்லை

"சேமிப்புக் கணக்கில் சராசரி இருப்பு குறைந்ததாகச் சொல்லி 354 ரூபாய் பிடித்துவிட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. திரும்பக் கேட்க முடியுமா?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

முடிந்தது, முக்கால்வாசி. வங்கியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "தொகையைப் பற்றிச் சண்டை போடாதீங்க, நோட்டீஸ் தேதியைக் கேளுங்க" என்றார். அதுதான் வேலை செய்தது. ரிசர்வ் வங்கியின் 2014 சுற்றறிக்கைப்படி, இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் நிரப்பாவிட்டால்தான் அபராதம். கிளையில் அவர்களால் காட்ட முடிந்தது, பணம் பிடித்த பிறகு வந்த மெசேஜ் மட்டும்!

கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். தேவையான சராசரி 5,000. என்னிடம் 15 நாள் 8,000, 15 நாள் 1,000, சராசரி 4,500. குறைவு வெறும் 500. அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். 500க்கு 300 என்ன விகிதமோ! மேலாளர் இதற்குப் பதிலே சொல்லவில்லை.

"நேரா ஓம்புட்ஸ்மேன் போங்க" என்ற நண்பருக்கு: முதலில் வங்கியில் எழுத்துப்பூர்வ புகார், 30 நாளில் பதில் இல்லாவிட்டால் அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால்தான் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

300 திரும்பிவிட்டது. 54 ஜிஎஸ்டி "சிஸ்டம் எடுத்தது" என்கிறார்கள். கட்டணமே ரத்தானால் அதன் வரி எப்படி நிற்கும்? அதே புகார் எண்ணில் மறுபடி எழுதியிருக்கிறேன்.