குடும்பக் குழு: பதினெட்டு விழுக்காடு

சுந்தரம்: யாரோ அனுப்பிய செய்தி இது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் 18 விழுக்காடாம். நூறு பேர் தின்றால் பதினெட்டு பேருக்கு வந்துவிடுமா? இதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

கார்த்திக்: உண்மைதான் பெரியப்பா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே அதைப் புகையிலையோடு ஒரே பிரிவில் வைத்துவிட்டது. சிகரெட்டும் சாசேஜும் ஒரே அளவு ஆபத்து.

நளினி: கார்த்திக், பாதிதான் சரி. ஒரே பிரிவு என்பது சரி. ஒரே அளவு என்பது தவறு. "இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி" என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டியலைப் பிரிக்கிறார்கள். எத்தனை பேருக்கு வரும் என்பது அதில் இல்லை. அப்போது மேற்கோள் காட்டப்பட்ட கணக்கின்படி பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் பத்து லட்சம்.

சுந்தரம்: சரி, என் பதினெட்டு என்ன ஆயிற்று?

நளினி: அண்ணா, அது ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் ஏறும் பங்கு. இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. பிரிட்டனில் சுமார் நாலேமுக்கால் லட்சம் பேரை ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சியும் பதப்படுத்தியதும் சேர்த்து நாளுக்கு 21 கிராம் சாப்பிட்டவர்களில் பத்தாயிரத்துக்கு 40 பேருக்கு நோய் வந்தது. 76 கிராம் சாப்பிட்டவர்களில் 48 பேர். கூடுதல் எட்டு பேர். செய்தித்தாளில் "20 விழுக்காடு அதிகம்" என்று வந்ததும் இதே எட்டுதான்.

கார்த்திக்: பத்தாயிரத்துக்கு எட்டா! அப்படியானால் கவலையே வேண்டாம்.

நளினி: இந்தப் பக்கமும் அவசரப்படாதே. அது ஆறு ஆண்டுக் கணக்கு. வாழ்நாள் அதைவிட நீளம். பிரிட்டனில் வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிடும் பழக்கம் காலம் முழுவதும் இருந்தால் ஆறு ஏழாகும். ஆறில் 18 விழுக்காடு ஏறத்தாழ ஒன்று, அவ்வளவே. அடிப்படை இரண்டாக இருக்கும் நாட்டில் அதே 18 விழுக்காடு அரை ஆளுக்கும் குறைவு. அடிப்படையையும் காலத்தையும் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

செல்வி: அத்தை, என் அப்பாவுக்கு 46 வயதில் இது வந்தது. நான் இறைச்சியை அறவே விட்டுவிட்டேன். எனக்கு இனிப் பயமில்லை அல்லவா?

நளினி: செல்வி, உன் அடிப்படையே வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இறைச்சியை விடுவது அதை அழிக்காது. உனக்குக் குடல் உள்நோக்கிப் பரிசோதனைதான் முக்கியம். 40 வயதில், அல்லது அப்பாவுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, எது முந்தியோ அப்போது தொடங்குவது பல இடங்களில் நடைமுறை. உன் விஷயத்தில் அது 36 வயதில். சிறு கட்டியாக இருக்கும்போதே அகற்றிவிட முடியும்; அது புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். மலத்தில் இரத்தம் தெரிந்தால் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போ.

செல்வி: இப்போது எனக்கு 34. மருத்துவரிடம் இந்த மாதமே பேசுகிறேன்.

கார்த்திக்: அத்தை, இறைச்சி அதிகம் சாப்பிடுகிறவர்கள் அதிகமாகப் புகைப்பார்கள், எடையும் கூடியிருக்கும். குற்றவாளி அதுவாக இருக்கலாமே?

நளினி: நல்ல கேள்வி. புகை, மது, எடை எல்லாவற்றையும் கணக்கில் சரிசெய்துதான் அந்த 20 வந்தது. ஆனால் சரிசெய்வது முழுமையாக இருக்காது. என்ன சாப்பிட்டோம் என்று மக்கள் நினைவிலிருந்து சொல்வதும் துல்லியமில்லை. பதப்படுத்தாத சிவப்பு இறைச்சி ஒரு படி கீழே, "அநேகமாக" என்ற பிரிவில் இருப்பதற்கு இந்தச் சந்தேகமும் காரணம்.

சுந்தரம்: நான் வாரத்தில் இரண்டு முறை ஆட்டிறைச்சி சாப்பிடுகிறேன். பதப்படுத்தியது கிடையாது. என் கணக்கைச் சொல்.

நளினி: ஒரு வேளைக்கு எவ்வளவு?

சுந்தரம்: 150 கிராம் இருக்கும்.

நளினி: வாரம் 300, நாளுக்குச் சுமார் 43. சிவப்பு இறைச்சிக்குத் தினமும் 100 கிராமுக்கு 17 விழுக்காடு என்பது கணக்கு. நேர்கோடாக ஏறுகிறது என்று கொண்டால் உங்களுக்கு ஏழு விழுக்காடு. ஆறு என்ற அடிப்படையில் அது நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை. குறைந்த அளவில் கோடு அப்படியே நேராகப் போகிறதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் பரிந்துரை வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள்.

சுந்தரம்: அந்த 500 சமைத்த எடையா, பச்சையா?

நளினி: சமைத்தது. பச்சையாக நிறுத்தால் 700 முதல் 750 கிராம் வரும். நீங்கள் சொன்ன 150 எது?

சுந்தரம்: அது உன் அண்ணிக்குத்தான் தெரியும். கேட்டுச் சொல்கிறேன்.