கன்சாலிடேஷன்ல இன்டர்கம்பெனி லோன் அடிபட்டுடுச்சு, நஷ்டம் மட்டும் நிக்குது. உங்களுக்கு நடந்திருக்கா?

யூரோபுக்கு:
பேரன்ட் யூரோ, சப்சிடியரி டாலர். பேரன்ட் குடுத்த லோன் 10 லட்சம் டாலர். குடுத்தப்ப ஒரு டாலர் 0.90 யூரோ, இயர் எண்ட்ல 0.85. பேரன்ட் புக்ல 9 லட்சம் யூரோ 8.5 லட்சமாச்சு, 50,000 நஷ்டம். சப்சிடியரிக்கு கடனும் டாலர் புக்கும் டாலர், அங்க ஒண்ணும் ஆகல. கன்சாலிடேஷன்ல ரெண்டு பக்கமும் 8.5 லட்சம், அழகா அடிபட்டுடுச்சு, ஆனா அந்த 50,000 குரூப் பி அண்ட் எல்ல அப்படியே நிக்குது. சிஎஃப்ஓ ஸ்க்ரீன்ல விரல வச்சு "நமக்கு நாமே கடன் குடுத்ததுல நஷ்டம் எப்படிய்யா வரும்?"னாரு. சரி, நெட் இன்வெஸ்ட்மென்ட்னு சொல்லி ஓசிஐக்கு மாத்தலாம்னு போனா ஆடிட்டர் சப்சிடியரியோட கேஷ் ஃபோர்காஸ்ட்ட திறந்தாங்க, அடுத்த மார்ச்ல 2 லட்சம் டாலர் திருப்பிக் கட்டறதா நாங்களே போட்டு வச்சிருக்கோம். பேச்சு அங்கயே முடிஞ்சுது.

டேலிமன்னன்:
இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை. இன்டர்கம்பெனின்னா எல்லாமே ஜீரோ. நாங்க நஷ்டத்த ட்ரான்ஸ்லேஷன் ரிசர்வுக்குத் தள்ளிடுவோம், மொத்த ஈக்விட்டி மாறாதுல்ல.

பழையகணக்கு:
@டேலிமன்னன் ஈக்விட்டி மாறாதுங்கறது சரிதான், சப்சிடியரியோட கடன் யூரோல 50,000 குறைஞ்சது ஏற்கனவே அந்த ரிசர்வுல ப்ளஸ்ஸா இருக்கு. ஆனா அதக் காட்டி நஷ்டத்த பி அண்ட் எல்ல இருந்து தூக்க ஐஏஎஸ் 21 விடாது. பேரன்ட் யூரோவ டாலராக்கி வெளிய அனுப்பிச்சிருக்கு, திரும்பி வர்றப்ப கம்மி யூரோதான் கிடைக்கும், அந்த ரிஸ்க் குரூப்போட நிஜ ரிஸ்க். திருப்பிக் கட்டற ப்ளானும் இல்ல, கிட்டத்துல கட்ட வாய்ப்பும் இல்லன்னாதான் ஓசிஐ, அதுவும் கன்சாலிடேஷன்ல மட்டும், பேரன்ட் தனி புக்ல நஷ்டம் நஷ்டமாவே இருக்கும். சரக்கு வித்த பாக்கிக்கெல்லாம் இந்த சலுகையே கிடையாது.

மந்த்எண்ட்அடிமை:
எங்களுக்கும் இதே பிரச்சனை! ரெண்டு சப்சிடியரிக்கு நடுவுல பவுண்ட் இன்வாய்ஸ், எலிமினேஷன்ல பேலன்ஸ் மேட்சே ஆகல. ராத்திரி பூரா தேடினா ஒருத்தர் இன்வாய்ஸ் தேதி ரேட்லயே விட்டுட்டாரு, ரீவேல்யூவே பண்ணல. எல்லாருக்கும் சொல்றேன், முதல்ல இன்வாய்ஸ் கரன்சில ரெண்டு லெட்ஜரையும் பக்கத்துல வைங்க. பவுண்ட்லயே இடிச்சா ஏதோ இன்வாய்ஸோ பேமென்ட்டோ ஒரு பக்கம் விட்டுப்போச்சு, இல்ல சரக்கு வழியில இருக்கு. பவுண்ட்ல சரியா இருந்து யூரோல மட்டும் இடிச்சா ரேட்தான், ரெண்டு பேரும் எந்த தேதி, எந்த டேபிள் எடுத்தாங்கன்னு கேளுங்க. தெரியாம வித்தியாசத்த எஃப்எக்ஸ்னு போட்டு மூடிடாதீங்க, அடுத்த மாசம் பெருசாகி வரும்.

யூரோபுக்கு:
எங்களுக்கு பேலன்ஸ் மேட்ச் ஆச்சுங்க, தலைவலியே அது இல்ல. பழையகணக்கு சார், மீதி 8 லட்சம் டாலருக்கு திருப்பற ப்ளானே இல்லையே, அத மட்டும் பிரிச்சு ஓசிஐல வைக்கலாமா?

பழையகணக்கு:
எங்க ஆடிட்டர் ஒரே அக்ரிமென்ட்ல பிரிக்க ஒத்துக்கல, தனித்தனியா போட்டு போர்டு ரெசல்யூஷன் கேட்டாங்க, அதுவும் அன்னிலேர்ந்துதான், முன்தேதி செல்லாதுன்னாங்க. வேற எடத்துல விட்டதாவும் கேள்வி. எதுவா இருந்தாலும் முதல்ல அந்த ஃபோர்காஸ்ட்ல மீதிக்கு எதாச்சும் தவணை போட்டிருக்கானு பாருங்க.